இரவு மாத்திரையும் கிரேப்ஃப்ரூட் ஜூஸும்

கேள்வி: அப்பா கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. இரவில் சாப்பிடுகிறார். டி.வி. பார்த்தபடியே தூங்கிவிடுவதால் வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போகிறது. காலையில் கொடுக்கலாமா? சிங்கப்பூரில் சிம்வாஸ்டாடின் சாப்பிடும் சித்தப்பா, "ராத்திரிதான் போடணும், கிரேப்ஃப்ரூட் தொடவே கூடாது" என்கிறார். அதைக் கேட்டு அப்பா திராட்சையை நிறுத்திவிட்டார்.

பதில்: முதலில் அப்பாவுக்குத் திராட்சையைத் திருப்பிக் கொடுங்கள். கிரேப்ஃப்ரூட் பெயரில் மட்டும்தான் திராட்சை. பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த, லேசாகக் கசக்கும் பெரிய பழம் அது.

சித்தப்பா சொல்வதும் சரிதான், ஆனால் அவருடைய மாத்திரைக்கு. நம் கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தயாரிப்பது இரவில். சிம்வாஸ்டாடினின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். காலையில் போட்டால் வேலை நடக்கும் நேரத்தில் மருந்து இருக்காது. அட்டோர்வாஸ்டாடின் அப்படியில்லை. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 14 மணி நேரம் ஆகும். ரோசுவாஸ்டாடின் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். இவை இரண்டையும் எந்த வேளையிலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். அப்பாவுக்குக் காலைக் காபி நேரம்தான் மறக்காது என்றால், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லி அதற்கே மாற்றிக்கொள்ளுங்கள். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

பழத்துக்கு வருவோம். சிம்வாஸ்டாடினின் பெரும்பகுதியை ரத்தத்தில் சேருமுன்பே குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவையே வைத்திருக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட் குடலில் இருக்கும் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சாப்பிட்டது ஒரு மாத்திரை, உள்ளே போவது பல மாத்திரை மாதிரி. உடல் புதிதாக நொதி தயாரிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், 'காலையில் ஜூஸ், இரவில் மாத்திரை' என்று பிரித்தாலும் பலனில்லை. பம்பளிமாஸிலும் அதே பொருட்கள் உண்டு. சீனப் புத்தாண்டுக்குச் சிங்கப்பூர்க் கடைகளில் அது குவிந்து கிடக்கும், சித்தப்பாவிடம் அதையும் சொல்லிவையுங்கள்.

அப்பாவின் அட்டோர்வாஸ்டாடினிலும் இந்தத் தொல்லை உண்டு, குறைவாக. எப்போதாவது இரண்டு சுளை சாப்பிட்டதற்குப் பதற வேண்டாம். தினமும் டம்ளர் டம்ளராகக் குடிப்பதுதான் ஆபத்து. ரோசுவாஸ்டாடினுக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை. சாதாரண ஆரஞ்சு, சாத்துக்குடிக்கும் தடையில்லை. ஆனால் 'மிக்ஸ்டு சிட்ரஸ்' என்று பாக்கெட்டில் விற்கும் ஜூஸில் கிரேப்ஃப்ரூட் கலந்திருக்கலாம். முன்பக்கத்துப் படத்தை நம்பாமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

மருந்துக் கடையிலும் அதே கதைதான். பிராண்டு பெயரை விடுங்கள், அட்டையில் '…ஸ்டாடின்' என்று முடியும் பெயரைப் பாருங்கள். கடைக்காரர் வேறு பிராண்டு கொடுத்தால் அந்தப் பெயரும் மி.கி. அளவும் மாறாமல் இருக்க வேண்டும்.

இந்த மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறினால் தசையைத்தான் பாதிக்கும். அதனால் காரணமில்லாமல் தொடை, தோள் தசைகள் வலித்தாலோ தளர்ந்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூடவே சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.