எபிசோட் குறிப்பை ஆடியோவோடு வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்

கேள்வி: பாட்காஸ்ட் எபிசோடின் விவரக் குறிப்பை வெளியிடும் முன் இரண்டு மூன்று தடவை படித்துப் பார்க்கிறேன். அப்படியும் நேரக்குறி, விருந்தினர் பெயர், லிங்க் என்று ஏதாவது ஒன்றில் தப்பு இருப்பதாகக் கேட்பவர்கள் சொல்கிறார்கள். எப்படித்தான் சரிபார்ப்பது?

நீங்கள் குறிப்பை மட்டும் படிக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. படித்துப் பார்த்தால் எழுத்துப்பிழை கண்ணில் படும். 17:40 என்று போட்டிருப்பது சரியா என்பது அந்த எண்ணை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அந்த இடத்தில் ஆடியோவை ஓட விட்டால்தான் தெரியும். அநேகமாக நீங்களும் எடிட்டிங் முடிவதற்கு முன்பே குறிப்பை எழுதி வைத்துவிட்டு, வெளியிடும் நாளில் அதையே திரும்பப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான குழுக்களில் அப்படித்தான் நடக்கிறது.

சில வருடங்களாகப் பிறருடைய நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பு எழுதுவதும் சரிபார்ப்பதும் என் வேலை. அதில் ஒரு எபிசோடை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கான பதில் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் நேர்காணல் அது. தயாரிப்பாளர் முதல் எடிட்டைக் கேட்டுக்கொண்டே நேரக்குறிகளை எழுதியிருந்தார். என் கைக்கு வந்த குறிப்பு இப்படி இருந்தது:

```
00:00 அறிமுகம்
04:12 முதல் வேலை
17:40 தொழில் மாறிய கதை
29:05 சொந்த நிறுவனம்
44:30 ஆள் சேர்ப்பதில் கற்றவை
1:02:15 கேட்பவர்களின் கேள்விகள்
```

பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வெளியிடப் போகும் இறுதி ஆடியோ கோப்பைத் திறந்து 04:12க்குப் போனேன். தொகுப்பாளர் இன்னும் விருந்தினரை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். முதல் வேலை பற்றிய கேள்வி 04:37க்குத்தான் வந்தது, அதாவது 25 விநாடி கழித்து. இது ஆச்சரியமில்லை. எடிட் முடிந்த பிறகு முன்னால் ஒரு சின்ன முன்னோட்டத்தை ஒட்டியிருப்பார்கள். இந்த இடத்தில் பலரும் செய்வது என்னவென்றால், எல்லா எண்ணிலும் 25ஐக் கூட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள்.

நான் எப்போதும் கடைசி நேரக்குறியையும் பார்ப்பேன். 1:02:15க்குப் போனால், அங்கே விருந்தினர் பதிலின் நடுவில் இருந்தார். கேள்வி 1:01:30க்கே கேட்கப்பட்டுவிட்டது. ஆக, முன்பகுதியில் பேச்சு குறித்த நேரத்தைவிட 25 விநாடி தாமதமாக வருகிறது, பின்பகுதியில் 45 விநாடி முந்தி வருகிறது. இரண்டையும் கூட்டினால் 70 விநாடி. நடுவில் எங்கோ 1 நிமிடம் 10 விநாடிப் பேச்சு வெட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அப்புறம் 29:05ஐப் பார்த்தேன், அது 25 விநாடிக் கணக்கில் இருந்தது. 44:30 ஏற்கெனவே 45 விநாடிக் கணக்குக்கு மாறியிருந்தது. வெட்டு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எடிட்டரிடம் கேட்டேன். “ஆமாம், விருந்தினர் தன் பழைய நிறுவனத்தைப் பற்றிச் சொன்ன ஒரு பகுதியை எடுக்கச் சொன்னார், நேற்று ராத்திரிதான் எடுத்தேன்” என்றார். குறிப்புக்குத் திரும்பி வந்தேன். முதல் பத்தியிலேயே, “பழைய நிறுவனத்தை விட்டு விலகியது ஏன் என்று மனம் திறக்கிறார்” என்று ஒரு வரி. கீழே லிங்க் பட்டியலில் அந்த நிறுவனத்தைப் பற்றிய ஒரு செய்திக் கட்டுரை. ஒலியில் இருந்து எடுத்தாயிற்று, எழுத்தில் அப்படியே இருக்கிறது. அது வெளியாகியிருந்தால், வேண்டாம் என்று விருந்தினர் கேட்டுக்கொண்ட விஷயமே குறிப்பின் முதல் வரியாக அவர் பெயரோடு போயிருக்கும்.

நேரக்குறி என்பது கேட்பவர்களின் வசதிக்கு மட்டும், அரை நிமிடம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று சொல்பவர்கள் இங்கேயும் வருவார்கள். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன். நேரக்குறி நகர்ந்திருக்கிறது என்றால், குறிப்பு எழுதிய பிறகு ஆடியோவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன சேர்ந்தது, என்ன போயிற்று என்று கேட்காமல் எண்ணை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். திருத்திய பிறகு பட்டியல் இப்படி ஆனது:

```
00:00 அறிமுகம்
04:37 முதல் வேலை
18:05 தொழில் மாறிய கதை
29:30 சொந்த நிறுவனம்
43:45 ஆள் சேர்ப்பதில் கற்றவை
1:01:30 கேட்பவர்களின் கேள்விகள்
```

கணக்குப் போட்டு மாற்றினாலும் ஒவ்வொன்றையும் மறுபடி ஒரு முறை சொடுக்கிக் கேட்டுவிடுங்கள். குறி ஓரிரு விநாடி முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கக் கூடாது. முன்னால் இருந்தால் கேட்பவர் ஒரு மூச்சு காத்திருப்பார், பின்னால் இருந்தால் கேள்வியே அவருக்குப் போய்ச் சேராது. ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் 1:01:30 என்பதை அவசரத்தில் 1:01 என்று அடிப்பது சகஜம், அது ஒரு நிமிடம் ஒரு விநாடி ஆகிவிடும். யூடியூபிலும் போடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். அங்கே முதல் குறி 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் ஏறுவரிசையில் வர வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காணொளியில் பகுதிப் பிரிப்பே வராது. காணொளிக்கு முகப்பு வேறாக இருந்தால் அதன் நேரங்களைத் தனியாக எடுங்கள், ஆடியோவில் இருந்து நகல் எடுக்காதீர்கள்.

கேட்பவருக்கு ஏற்ப விளம்பரத்தைத் தானாகச் செருகும் சேவைகளும் உண்டு. அதில் ஆளுக்கு ஆள் நேரம் மாறும் என்பதால் யாராலும் துல்லியமாகப் போட முடியாது. விளம்பரம் இல்லாத கோப்பை வைத்து நேரம் எடுத்து, “விளம்பரம் வந்தால் நேரம் சற்று நகரும்” என்று பட்டியலுக்கு மேலேயே ஒரு வரி எழுதிவிடுவதுதான் நேர்மை.

பெயருக்கு வருவோம். விருந்தினர் தன் பெயரை எப்படி எழுதுகிறார் என்று அவரிடமே எழுத்தில் வாங்குங்கள், அதை நகலெடுத்து ஒட்டுங்கள், நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள். சண்முகமா ஷண்முகமா, முதலெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா என்பதெல்லாம் அவருடைய உரிமை. பிறகு தலைப்பு, முதல் பத்தி, நேரக்குறி வரிகள், லிங்க் பட்டியல் எல்லா இடத்திலும் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். கண்ணால் எண்ணியது ஐந்து, தேடலில் சிக்கியது நான்கு என்றால் ஒன்று வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் வேற்றுமை சேரும்போது பெயரின் கடைசி எழுத்து மாறும். “சண்முகம்” என்று தேடினால் “சண்முகத்தின்” சிக்காது, “சண்முக” என்று தேட வேண்டும். விருந்தினர் பெயரையாவது நாலு பேர் பார்ப்பார்கள். பேச்சின் நடுவே அவர் குறிப்பிடும் ஆசிரியர், நண்பர், புத்தகம் எழுதியவர் பெயர்களை யாரும் பார்ப்பதில்லை. காதால் கேட்டதை வைத்து எழுதுவதால் ல, ள, ழ குழப்பம் அங்கேதான் அதிகம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் இதை இங்கே சொல்லிவிடுகிறேன். எபிசோடின் முடிவில் இசை யார், ஒலிக்கலவை யார், படம் வரைந்தது யார் என்று எல்லாப் பெயரையும் வாசிப்பார்கள். குறிப்பு எழுதியவர் பெயர் வராது. கோப்பு வருவது நள்ளிரவு, வெளியீடு அதிகாலை, “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று ஒரு குறுஞ்செய்தி. அடுத்தவர் பெயரைச் சரியாக எழுதுவதற்காகவே உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. எடிட் முடிந்து குறைந்தது அரை நாளாவது குறிப்புக்கு ஒதுக்கச் சொல்லி நான் பேசிய எல்லாக் குழுவிடமும் கேட்டிருக்கிறேன். ஒதுக்கியவர்கள் சிலர்தான்.

சரி, லிங்க். தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் தொல்லை ஒன்று உண்டு. முகவரியோடு உருபை ஒட்டி எழுதுவது:

```
example.com/notesஇல் படிக்கலாம்
```

பல செயலிகள் “இல்” என்பதையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், சொடுக்கினால் பக்கம் இல்லை என்று வரும். வாக்கியத்தின் முடிவில் முகவரியை ஒட்டி வைக்கும் முற்றுப்புள்ளியும் சில இடங்களில் இதே வேலையைச் செய்யும். அதனால் முகவரிக்குத் தனி வரி கொடுங்கள், முன்னும் பின்னும் எதுவும் ஒட்ட வேண்டாம். லிங்க் திறக்கிறது என்பதோடு விடாமல், திறக்கும் பக்கம் இந்த எபிசோடில் பேசியதுதானா என்றும் பாருங்கள். போன எபிசோடின் குறிப்பை நகலெடுத்து அதன் மேலேயே எழுதும் பழக்கம் இருந்தால், பழைய விருந்தினரின் லிங்க் ஒன்று பட்டியலில் தங்கிவிடும். அதுவும் ஒழுங்காகத் திறக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

வடிவத்தில் நான் பிடிவாதம் பிடிப்பது குறைவு. 04:37 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் கடைசி வரை அப்படியே போகட்டும், நேரத்துக்கும் தலைப்புக்கும் நடுவே கோடு போட்டால் எல்லா வரியிலும் போடுங்கள், போதும். நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் விவரக் குறிப்புக்கு வரம்பை எழுத்துக் கணக்கில் இல்லாமல் பைட் கணக்கில் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. “கோ” என்பதில் எழுத்தும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு பைட் போய்விடும். ஆங்கிலத்தில் தாராளமாகக் கொள்ளும் நீளம் தமிழில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்து நிற்கும். நேரக்குறிகளையும் முக்கியமான லிங்குகளையும் மேலே வைத்து, நன்றி வரிகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வெளியான பிறகு கைப்பேசியில் இரண்டு வெவ்வேறு செயலிகளில் திறந்து, வரி முறிவு அப்படியே இருக்கிறதா, கடைசி லிங்க் வரை தெரிகிறதா, கடைசி நேரக்குறியைத் தொட்டால் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் குறிப்பை மட்டும் திருத்திச் சேமித்தால் போதும், ஆடியோவை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. செயலிகளில் அந்த மாற்றம் தெரியக் கொஞ்ச நேரம் எடுக்கும்.