மல்லி சண்டை போட்டாளா?

வணக்கம். நான் வீட்டுக்கு ஒரே பெண். ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை எனக்கு மல்லி என்று ஒரு தோழி இருந்தாள், என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தோழி. அதைக் கட்டுரையாக எழுதிப் பார்க்கிறேன். 'தனிமை என்னைச் சூழ்ந்தபோதெல்லாம் மல்லி ஓடி வந்து என் கண்ணீரைத் துடைத்தாள்' என்று தொடங்குகிறது. படித்த சிநேகிதி 'பாவமா இருக்கு' என்றாள். எனக்கு அந்தப் பரிதாபம் வேண்டாம். வேறு எப்படி எழுதுவது?
ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

மல்லி உங்களோடு எப்போதாவது சண்டை போட்டாளா? கடிதத்தில் அது இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

நானும் ஒற்றைப் பிள்ளைதான். என்னிடம் இருந்தவன் பெயர் வேணு. வெகுநாள் முன்பு அவனைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினேன். அதில் வேணு சாந்தசொரூபி. நான் அழுதால் பக்கத்தில் வந்து உட்காருவான். அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். "எந்த வேணுடா இது? அவனுக்கும் ஒரு தட்டு வெச்சாத்தான் நீ சாப்பிடுவ. வெச்சா, அவன் வரமாட்டேங்கிறான்னு அழுவ. திண்ணையில அவன் காலை மிதிச்சுட்டேன்னு என்னை மன்னிப்பு வேற கேக்க வெச்ச." எனக்கு இதில் ஒன்றுகூட ஞாபகமில்லை. பெரியவனான எனக்கு வேண்டியிருந்த ஒருத்தனை உருவாக்கி, அவனுக்கு வேணு என்று பெயர் வைத்திருந்தேன்.

அப்புறம்தான் மார்ஜரி டெய்லரைப் படித்தேன். ஆரெகன் பல்கலைக்கழகத்தில் இதையே பல வருடம் ஆராய்ந்த உளவியலாளர். கற்பனைத் தோழர்களைப் பற்றிப் பிள்ளைகள் அவரிடம் நிறையக் குறை சொல்லியிருக்கிறார்கள்: கூப்பிட்டால் வருவதில்லை, போ என்றால் போவதில்லை, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதே பிள்ளைகள் நடுவில் நிறுத்தி, 'இது சும்மா விளையாட்டுக்குத்தான், தெரியுமில்ல?' என்றும் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி கேட்கும் பெரியவர் பாவம், நிஜமென்று நம்பிவிட்டாரோ என்கிற கவலை!

உங்கள் முதல் வரியில் இந்த இரண்டுமே இல்லை. மல்லி கூப்பிட்டதும் வருகிறாள், சொன்னதைச் செய்கிறாள். அவள் இல்லாதவள் என்று தெரிந்துகொண்டே அவளோடு கோபித்துக்கொண்ட அந்தச் சிறுமியையும் காணோம். பரிதாபம் உள்ளே வருவது இந்த வழியாகத்தான்.

'தனிமையால் மல்லி வந்தாள்' என்கிற காரணத்தையும் எடுத்துவிடுங்கள். டெய்லர் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 வயதான நூறு பிள்ளைகளில் 65 பேருக்கு எப்போதாவது இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. பேசும் பொம்மைகளையும் சேர்த்த கணக்கு இது. தலைப்பிள்ளைகளிடமும் ஒற்றைப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகிறது, சரி. அதற்காக அழுகை இருந்தே ஆக வேண்டுமா? இடையில் வந்து கலைக்க ஆளில்லாத ஒரு மத்தியானம் போதும் என்பது என் கட்சி.

அந்த மத்தியானத்தை எழுதுங்கள். 'தனிமை' என்ற சொல்லே வேண்டாம். என் மத்தியானம் பாட்டியின் பல்லாங்குழியில் இருந்தது. ஒருவரே ஆடும் சீதைப் பாண்டி என்று ஒன்று உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பார்கள். ஒரு வரிசையின் ஏழு குழிகளிலும் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று புளியங்கொட்டை போட வேண்டும். முதல் குழியின் ஏழையும் அள்ளி, அந்தக் குழியிலேயே தொடங்கிக் குழிக்கு ஒன்றாகப் போட்டால் 1, 7, 6, 5, 4, 3, 2 ஆகும். இப்போது ஏழு இரண்டாவது குழிக்குப் போயிருக்கும். அதை அள்ளி அங்கிருந்து போட வேண்டும், கடைசிக் குழி வந்தால் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஏழு தடவை ஆடினால் முதலில் வைத்தபடியே வந்து நிற்கும். ஜெயிப்பும் இல்லை, தோற்பும் இல்லை, எங்கே தவறினாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மணிக்குக் காபி வாசனை வரும்வரை ஆடலாம். வேணு மட்டும் இதில் சேரமாட்டான். யாருமே ஜெயிக்காத ஆட்டம் என்ன ஆட்டம் என்பான்.

உங்கள் வீட்டில் அது என்னவாக இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி, யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கேளுங்கள். மல்லி எங்கே உட்காருவாள், எதற்கு வரமாட்டேன் என்பாள், அவளுக்காக வீட்டில் யார் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று கேளுங்கள். நம் ஞாபகத்தைவிட அவர்கள் பட்ட தொந்தரவு நம்பகமான சாட்சி.

இன்னொன்று, மல்லி கையசைத்து விடைபெறும் காட்சி எழுதுவதாக இருந்தால் வேண்டாம். பெரும்பாலும் அப்படி ஒரு நாள் இருப்பதில்லை. வேணு கடைசியாக எப்போது வந்தான் என்று அம்மாவிடம் கேட்டேன். "அது யாருக்குத் தெரியும்? நீ சைக்கிள் கத்துக்கிட்ட வருஷம் ஒருநாள் சோறு போட்டேன், நீ அவன் தட்டைக் கேக்கல" என்றாள்.

அன்புடன்.