இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு எது தகும்?

“55 அங்குல டிவி வாங்கப் போகிறேன். குவாண்டம் டாட்டுக்குப் பன்னிரண்டாயிரம், மினி எல்இடிக்கு முப்பதாயிரம் கூடுதல். இரவில் விளக்கை அணைத்துத்தான் படம் பார்ப்போம். தகுமா?”

வணக்கம். இவ்விரண்டும் வெவ்வேறு குறைகளுக்கான தீர்வுகள். சாதாரண எல்இடி டிவியில் நீல விளக்கின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இருப்பதால், சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரிவதில்லை. குவாண்டம் டாட் படலத்தில் உள்ள சில நானோமீட்டர் அளவுத் துகள்கள் நீல ஒளியை வாங்கி, தம் அளவுக்கேற்பத் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் வெளியிடுகின்றன. நிறம் செழிக்கும், ஆனால் பின்னொளி எங்கும் எரிந்துகொண்டே இருப்பதால், இருட்டறையில் கருப்பு சாம்பலாகவே தெரியும்.

உங்கள் குறை அதுதான் என்பதால், பன்னிரண்டாயிரத்தை நான் செலவிட மாட்டேன். மினி எல்இடியில் நுண்விளக்குகள் மண்டலங்களாகப் பிரிந்து தனித்தனியே மங்குவதால் கருப்பு ஆழமாகிறது. எனினும் மண்டலங்கள் சில பத்துகளே என்றால் பெயர் மட்டுமே மிஞ்சும். சில நூறாவது வேண்டும். கடையில் கருப்புப் பின்னணியில் வெள்ளை வசன வரிகள் ஓடும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். எழுத்தைச் சுற்றிப் புகைபோல ஒளி அகலமாகப் பரவினால் அந்த மாடலுக்கு முப்பதாயிரம் தகாது. எழுத்தை ஒட்டியே அடங்கினால் தாராளமாக வாங்கலாம்.