பாதுகாப்புக் காரணி 1.6 என்றால் சரிவு எவ்வளவு நம்பகம்?

கேள்வி: கால்வாய்க்காக மென்களிமண்ணில் 6 மீட்டர் ஆழத்துக்கு வெட்டப்போகிறோம். 9 இடங்களில் வேன் ஷியர் சோதனை செய்தோம். திருத்தத்துக்குப் பின் சராசரி வலிமை 30 கிலோபாஸ்கல், ஆனால் சிதறல் அதிகம். மாறுபாட்டுக் கெழு 30% வருகிறது. சரிபார்க்கும் பொறியாளர் நம்பகக் குறியீடு கேட்கிறார். இந்த 30 சதவீதத்தை அப்படியே போடலாமா?

பதில்: போடக் கூடாது. ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

களிமண் ஆழமாக இருப்பதாகவும், அடர்த்தி எடை 17 கிலோநியூட்டன்/கன மீட்டர் என்றும் வைத்துக்கொள்கிறேன். டெய்லரின் நிலைப்பு எண் 0.181. அப்போது பாதுகாப்புக் காரணி F = 30 / (0.181 × 17 × 6) = 1.62. வலிமையும் F-உம் நேர்விகிதத்தில் இருப்பதால், வலிமையின் மாறுபாட்டுக் கெழு V தான் F-இன் கெழுவும். F எதிர்மறையாகாது என்பதால் லாக்நார்மல் பரவலை எடுக்கலாம். அப்போது நம்பகக் குறியீடு β:

```
β = ln( F / √(1+V²) ) / √( ln(1+V²) )
```

தோல்வி நிகழ்தகவுக்கு எக்செலில் `=NORM.S.DIST(-β,TRUE)` போதும்.

V = 0.30 என்று போட்டால் β சுமார் 1.5, தோல்வி நிகழ்தகவு 6.6%. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் வழிகாட்டுதலில் 1.5 என்பது ஏற்க முடியாத நிலை. ஆனால் இந்த எண் உங்கள் சரிவைப் பற்றியதே அல்ல. ஒரு வேன் பிளேடு சுற்றும் சில சென்டிமீட்டர் மண்ணின் சிதறல் அது. சரிவு வழுக்கும்போதோ பல மீட்டர் நீளமுள்ள வட்டவில் முழுவதும் ஒன்றாக அறுந்தாக வேண்டும். அதில் பலவீனமான இடமும் பலமான இடமும் கலந்து சராசரியாகிவிடும்.

ஆகவே அந்த 30 சதவீதத்தைப் பிரிக்க வேண்டும். சோதனையின் தற்செயல் பிழை சுமார் 15% என்று எடுத்தால், அது மண்ணில் இல்லாத சிதறல், அதைக் கழித்தபின் மண்ணின் இயற்கையான மாறுபாடு √(0.30² − 0.15²), அதாவது 26%. இதை வில் நீளத்தில் சராசரியாக்க வேண்டும். வலிமை செங்குத்தாக ஓரிரு மீட்டருக்குள்ளேயே மாறிவிடும் களிமண் என்றால், மாறுபாட்டின் வர்க்கம் கால் பங்காகக் குறைவதாகக் கொள்ளலாம். மிஞ்சுவது 13%.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். V = 0.13 என்றால் β 3.7 வரும், தோல்வி நிகழ்தகவு பத்தாயிரத்தில் ஒன்று. அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. சராசரியாக்கினாலும் கரையாத பிழைகள் இரண்டு மீதி உள்ளன. 9 சோதனையின் சராசரியே 30% / √9, அதாவது 10% தவறலாம். அப்புறம், வேன் வலிமையைக் கள வலிமையாக மாற்றும் பியெரும் திருத்தத்தில் இன்னொரு 10% ஐயம் இருக்கிறது. இவை சரிவு முழுவதையும் ஒரே பக்கமாக இழுக்கும். சராசரி தவறாக இருந்தால் வில்லின் எல்லாப் புள்ளியிலும் தவறுதான்.

மூன்றையும் வர்க்கம் எடுத்துக் கூட்டினால் V = √(0.13² + 0.10² + 0.10²) = 0.19. β சுமார் 2.45, தோல்வி நிகழ்தகவு 0.7%. நான் கையெழுத்துப் போடுவது இந்த எண்ணுக்குத்தான். அதே வழிகாட்டுதலில் 2.5 என்பது சராசரிக்குக் கீழ், 3 என்பது சராசரிக்கு மேல். தற்காலிக வெட்டு, மேலே கட்டடம் இல்லை என்றால் ஏற்கலாம். கரையில் வீடுகள் இருந்தால் நான் ஏற்க மாட்டேன்.

கணக்கில் வைத்த 15 சதவீதமும் கால் பங்கும் என் ஊகங்கள். உங்கள் இடத்துக்குச் சரியா என்று பார்க்க, ஒரு துளையிலாவது கூம்பு ஊடுருவல் சோதனை செய்து தொடர்ச்சியான வரைபடம் எடுங்கள். வலிமை மேலும் கீழும் அலையும் தூரம் அதில் கண்ணுக்கே தெரியும். அலைவு நீண்டால் குறைப்பு கால் பங்கை எட்டாது, β இன்னும் இறங்கும்.

நிகழ்தகவு என்ன சொல்கிறது என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவின் லாஷ் கப்பல் முனையம் நல்ல சான்று. 1970 ஆகஸ்டில் விரிகுடாச் சேற்றில் நீருக்கடியில் வழக்கத்தைவிடச் செங்குத்தாக வெட்டிய சரிவு அது. காரணி 1.17. வெட்டின் ஒரு பகுதி சரிந்தது, மீதி நின்றது. பின்னாளில் மண் பொறியாளர் டங்கன் போட்ட கணக்கில் தோல்வி நிகழ்தகவு 18%. உங்கள் 0.7 சதவீதமும் ஒரு குறுக்குவெட்டுக்கு உரியது. கால்வாய் நீளமாக ஓடினால், எங்காவது ஓரிடத்தில் சரியும் வாய்ப்பு அதைவிடக் கூடும்.

β-வை ஏற்ற என்ன செய்வது? சோதனையை 36 ஆக்கினால் சராசரியின் பிழை 5 சதவீதமாகும், β 2.8-ஐ நெருங்கும். திருத்தத்தின் ஐயம் மட்டும் வேன் சோதனையை எத்தனை முறை செய்தாலும் குறையாது. அதற்குக் கலையாத மாதிரி எடுத்து டிரையாக்சியல் சோதனை செய்ய வேண்டும். சரிவைச் சாய்த்து வெட்டினால் போதாதா என்று யாராவது கேட்கலாம். ஆழமான களிமண்ணில் 53 பாகைக்குக் கீழே எந்தச் சாய்வுக்கும் நிலைப்பு எண் அதே 0.181 தான். அதனால் மேலே மண்ணை அள்ளி உயரத்தைக் குறையுங்கள், அல்லது நடுவே படி விட்டு வெட்டுங்கள்.