காட்டன் நைட்டியும் தீப்பிடிக்கும்

கேள்வி: பாலியஸ்டர் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சமையலறையில் காட்டன் நைட்டிதான் போடுகிறேன். பயமில்லைதானே?
- ஒரு வாசகி, தேனி

பதில்: பயம் இருக்கிறது, அம்மா. பருத்தி உருகாதே தவிர, நன்றாக எரியும். பருத்தியும் காகிதமும் ஒரே செல்லுலோஸ்தான். ரேயானும் அதே இனம். மெல்லிய, தொளதொள நைட்டியின் கீழோரத்தில் பற்றிய தீ, துணிக்குள்ளும் வெளியிலும் காற்று கிடைப்பதால் மளமளவென மேலே ஏறிவிடும்.

பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். சுடர் நெருங்கினால் சுருங்கி விலகும். சில சமயம் உருகிச் சொட்டி, தானே அணைந்தும் போகும். ஆனால் அந்தச் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். நைலானும் அப்படித்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது, கடைகளில் 'காட்டன் மிக்ஸ்' என்று விற்கிறார்களே, அதுதான். தனிப் பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கீழே சொட்டிவிடும். கலப்புத் துணியில் பருத்தி இழை விளக்குத் திரிபோல நின்று, உருகியதைப் பிடித்து வைத்துக்கொண்டு எரிக்கிறது. சொட்டி அணைய வழியே இல்லை.

உங்கள் நைட்டி எது என்று நீங்களே பார்த்துவிடலாம். உள் தையல் ஓரத்தில் மிச்சமிருக்கும் துணியில் சிறு கீற்று வெட்டுங்கள். தையல் நூலை எடுக்காதீர்கள். காட்டன் உடையிலும் அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். கீற்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையும் தொட்டால் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். நுனி கடினமான கரிய மணியாக உருண்டால் பாலியஸ்டர். சாம்பலும் வந்து, விரலில் நெருடும் கட்டிகளும் இருந்தால் கலப்பு. முடி கருகிய நாற்றத்தோடு, சுடரை விலக்கியதும் அணைந்தால் கம்பளி அல்லது பட்டு. ஆனால் கம்பளியையும் பட்டையும் உடுத்திக்கொண்டு நம் ஊர் வெயிலில் அடுப்படியில் நிற்க முடியாது.

ஆக, நமக்குப் பருத்திதான், ஆனால் வேறு மாதிரி: கனமான, நெருக்கமாக நெய்த துணி. கனத்த துணி பற்றவும் நேரமெடுக்கும், மெதுவாகவும் எரியும். கை முழங்கைக்கு மேலே நிற்கட்டும், ஃபிரில் வேண்டாம். பின் அடுப்பில் குழம்பைக் கிளற எட்டும்போது முன் அடுப்பின்மேல் தொங்குவது மார்புப் பக்கத் துணியும் துப்பட்டா நுனியும்தான். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். நைட்டிமேல் கெட்டிக் காட்டன் ஏப்ரனை இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைகளுக்கு இரவில் உடம்போடு ஒட்டிய பைஜாமா போடுங்கள். மேலே பஞ்சுபோல் மயிரெழுந்த துணி வாங்காதீர்கள். தீ அந்த மயிரில் சட்டென்று பரவும்.

அப்படியும் பற்றிவிட்டால் ஓடாதீர்கள், தரையில் படுத்துப் புரளுங்கள். தீ அணைந்ததும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண்மேல் ஓடவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியை மட்டும் பிய்க்கவே கூடாது; அதை மருத்துவர் எடுக்கட்டும்.