எந்த மெயிலை முதலில் திறப்பது? ஏற்றுமதி மெர்ச்சண்டைசர்களுக்குக் கேள்வி பதில்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர். தினமும் 200 மெயில் வருகிறது. பையர் மெயிலைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

அனுப்பியவர் யார் என்பதை வைத்து வரிசை போட்டால் தவறிவிடும். நீங்கள் பதில் போடாவிட்டால் இன்றைக்கு எங்கே வேலை நிற்கும் என்று பாருங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை எனக்கு மூன்று மெயில் வந்திருந்தன. புது ஸ்டைலுக்கு விலை கேட்டு, தலைப்பில் அர்ஜென்ட் என்று போட்டுப் பையர் ஒன்று. லேப் டிப்பில் எந்த ஷேடு ஓகே என்று கேட்டு சாயப்பட்டறை ஒன்று. பிஎல் டிராஃப்டை மாலைக்குள் சரிபார்க்கச் சொல்லி ஃபார்வர்டர் ஒன்று. சாயப்பட்டறைக்குத்தான் முதல் பதில். நான் தாமதித்தால் பட்டறையில் எனக்கு ஒதுக்கிய மெஷினில் வேறு கம்பெனித் துணி ஏறிவிடும். மறுபடி இடம் கிடைக்க நாளாகும். அடுத்தது பிஎல், நேரம் தாண்டினால் திருத்தக் கட்டணம். பையருக்கு, "விலை நாளை மதியம் வரும்" என்று ஒரு வரி போட்டேன். அவர் அர்ஜென்ட் என்று எழுதியது உண்மைதான். ஆனால் அந்த விலைக்காக அன்று எங்கும் வேலை நிற்கவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படித்த மெயிலை மறுபடி படிக்காததாக மாற்றி வைக்காதீர்கள். இரண்டு நாளில் புது மெயிலும் அதுவும் ஒன்றாகக் கலந்துவிடும்.

மெயிலை ஒரு நாளில் எத்தனை முறை பார்க்கலாம்? எனக்கு ஜெர்மனி பையர்கள்.

மூன்று முறை போதும். காலை 9:30க்கு, இரவில் வந்தவை. அப்புறம் மதியம் 3 மணி, மாலை 6 மணி. மதிய நேரத்தைப் பையரின் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே காலை 9 என்றால் நமக்குக் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. 3 மணிக்கு உட்கார்ந்தால் அவர்களின் முதல் சுற்று மெயில் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் பதிலும் அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுமுன் போய்விடும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரம் மாறும்போது இதையும் சரிபாருங்கள்.

சிசி மெயில் எதுவும் இன்பாக்ஸுக்கே வராமல் ஃபில்டர் போட்டுவிட்டேன். நிம்மதி!

ஃபில்டர் சரி, இன்பாக்ஸை விட்டே நீக்கியது சரியில்லை. பையர்கள் ரிப்ளை ஆல் அடிக்கும்போது உங்களுக்கான கேள்வியும் சிசியில்தான் வரும். ஜிமெயிலில்

```
cc:me
```

என்று தேடி ஃபில்டர் போட்டு, நிற லேபிள் மட்டும் கொடுங்கள். `Skip the Inbox` வேண்டாம். லேபிள் உள்ளவற்றை மாலைச் சுற்றில் பார்க்கலாம். இன்னொன்று: லேப் டிப் பற்றிய பழைய இழையின் பதினைந்தாவது மெயிலில் டெலிவரி தேதியை மாற்றி எழுதுகிற பையர் உண்டு. தலைப்பை நம்பி எதையும் ஒதுக்காதீர்கள்.

6000 படிக்காத மெயில் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?

இரண்டு வாரத்துக்கு முந்தியதை எல்லாம் ஆர்க்கைவ் செய்யுங்கள். தேடினால் கிடைக்கும்.

டிஜிட்டல் சிக்னேச்சர் காலாவதி ஆகிவிட்டது, எப்படிப் புதுப்பிப்பது?

அதை ஆடிட்டரிடம் கேளுங்கள். இங்கே பேசுவது மெயிலின் அடியில் வரும் கையொப்பம்.

அந்தக் கையொப்பத்தில் "24 மணி நேரத்தில் பதில்" என்று போட்டேன். யாருமே கண்டுகொள்ளவில்லை.

பார்த்திருக்கவே மாட்டார்கள். ஜிமெயிலில் புது மெயிலுக்கும் பதில் மெயிலுக்கும் கையொப்பத்தைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தாலும் பதில்களில் அது பழைய மெயிலுக்குக் கீழே போய், மூன்று புள்ளிக்குள் மறைந்துவிடும். செட்டிங்ஸில் `Insert signature before quoted text in replies` என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள். ஃபோன் ஆப்பில் கையொப்பம் தனி. அங்கேயும் எழுத வேண்டும்.

வாசகத்தையும் மாற்றுங்கள். 24 மணி நேரம் என்றால் சனி மாலை அனுப்பியவர் ஞாயிறு மாலை எதிர்பார்ப்பார். "திங்கள் முதல் சனி வரை, இந்திய நேரம் 9:30, 3, 6 மணிக்கு மெயில் பார்ப்பேன். அன்றே முடிவு தேவையென்றால் அழையுங்கள்" என்று எழுதி, கீழே எண் கொடுங்கள்.

நான் 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் சார். பையருக்கு இப்படி நேரம் போட்டு எழுதினால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும்.

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன் அண்ணா. ஆனால் ஆர்டர் கைவிட்டுப் போனதை நான் பார்த்தது பதில் எப்போது வரும் என்றே தெரியாமல் பையர் காத்திருந்த இடங்களில்தான். 3 மணி என்று சொல்லிவிட்டு 3 மணிக்குப் பதில் போட்டால் ஒரே மாதத்தில் இரண்டாவது நினைவூட்டல் மெயில்கள் குறைகின்றன.

எனக்கும் 4000 படிக்காத மெயில். என்ன செய்வது?

மேலே 6000க்குச் சொன்னதே.

பழகிய பையருக்குச் சரி. புதுப் பையர்? முதல் மெயிலிலேயே "அழையுங்கள்" என்றால் திமிர் என்று நினைப்பார்.

இதில் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதுப் பையருக்கு முதல் ஆர்டர் கப்பல் ஏறும்வரை நான் நேரம் போடாத வேறு கையொப்பம்தான் வைக்கிறேன். ஜிமெயிலில் இரண்டு சேமித்து மாற்றிக்கொள்ளலாம். எப்போது நேரம் உள்ளதற்கு மாறுவது என்று எனக்குக் கறாரான விதி கிடையாது. ரிப்பீட் ஆர்டர் வந்ததும் மாறுகிறேன்.