அபின், மார்ஃபின், ஹெராயின் எல்லாம் ஒரே செடியிலிருந்துதானே வருகின்றன? பிறகு ஏன் ஒன்றைவிட ஒன்று வீரியம் கூடிக்கொண்டே போகிறது?

வீட்டில் யாருக்கோ மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பயந்துபோய்த் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே பயம் வந்தது. நான் மருத்துவர் இல்லை. இருபது வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்தவன், அந்த அளவுக்குத்தான் பேசுகிறேன்.

அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. வலிக்கு 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. சீட்டைப் பார்த்த சித்தப்பா கொதித்துவிட்டார். "டேய், இதுலேர்ந்துதானடா ஹெராயின் எடுக்கிறான்? அண்ணனைப் போதைக்கு அடிமையாக்கப் போறியா?" அன்று இரவு அவரைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

கசகசாச் செடியின் காய் பச்சையாக இருக்கும்போது கீறினால் பால் வடியும். அது உறைந்து பிசினானால் அபின். அதில் மார்ஃபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் வேறு சரக்கு. அந்தப் பங்கும் விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். அதனால் பழைய வைத்தியர்களுக்கு அளவு பிடிபடவே இல்லை. போன முறை வலியைக் குறைத்த அதே அளவு, அடுத்த முறை மூச்சை நிறுத்திவிடலாம்.

ஜெர்மனியில் பாடர்போர்ன் ஊரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த செர்ட்டூர்னர், 1805 வாக்கில் அபினிலிருந்து அந்த ஒரு பொருளை மட்டும் படிகமாகப் பிரித்தார். பிற்பாடு தானும் மூன்று இளைஞர்களுமாகச் சாப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை, தடவைக்கு சுமார் 30 மில்லிகிராம். எல்லோரும் மயங்கும் நிலைக்குப் போக, வினிகர் குடித்து வாந்தி எடுக்க வேண்டியதாயிற்று. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பது மாதிரிதான் இது. இனிப்பு புதிதாகப் பிறக்கவில்லை, சேர்ந்திருந்த மற்றவை போய்விட்டன. மார்ஃபினின் வீரியம் அவ்வளவுதான்.

ஹெராயின் கதை வேறு. இது செடியில் கிடையாது. 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் மார்ஃபினோடு இரண்டு அசிட்டைல் தொகுதிகளைச் சேர்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1897இல் பேயர் நிறுவனத்தில் ஹோஃப்மன் மறுபடியும் செய்தார், மறு வருடம் அது இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

மார்ஃபின் மூலக்கூறில் தண்ணீரோடு ஒட்டும் இடங்கள் இரண்டு உண்டு. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் செல்களின் உறையோ கொழுப்பால் ஆனது, ஆகையால் மார்ஃபின் மெதுவாகத்தான் நுழையும். அசிட்டைல் அந்த இரண்டு இடங்களையும் மூடிவிடுவதால் ஹெராயின் சட்டென்று உள்ளே போய்விடுகிறது. போனபின் உடம்பே முதலில் ஒரு மூடியைக் கழற்றுகிறது, பிறகு இன்னொன்றை. கடைசியில் மிஞ்சுவது பழைய மார்ஃபின்தான். இந்த மருந்துகள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடமான மூளையின் ஏற்பியை, மூடியோடு இருக்கும் ஹெராயின் அவ்வளவாகப் பிடிப்பதுகூட இல்லை. ஊசியில் போட்டால் இரண்டு, மூன்று மடங்கு வீரியம் தெரிவதற்குக் காரணம், நிறைய சரக்கு ஒரே நேரத்தில் மூளைக்குப் போய்ச் சேர்வதுதான். அந்த வேகம்தான் அடிமையும் ஆக்குகிறது. அதையே விழுங்கினால் கல்லீரல் வழியிலேயே மூடிகளைக் கழற்றிவிடும், மார்ஃபினுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒவ்வொரு படியிலும் வீரியம் ஏறியே தீரும் என்றும் இல்லை. அதே பாலில் இருக்கும் கோடீனில், அந்த இரண்டில் ஒரு இடத்தை மெத்தில் தொகுதி மூடியிருக்கிறது. உடம்பு அதில் சிறு பங்கைத்தான் மார்ஃபினாக மாற்றுகிறது, அதனால் அது மார்ஃபினைவிட எவ்வளவோ பலவீனம்.

"அப்போ இந்த மாத்திரை?" என்றார் சித்தப்பா. விழுங்கும் மார்ஃபினில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரத்தத்துக்குப் போகும், அதுவும் மெதுவாக. அன்றிரவு அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு விடியும்வரை தூங்கினார். மலச்சிக்கல் வந்தது, அதற்குத் தனி மருந்து கொடுத்தோம்.

மார்ஃபினுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அளவு மீறினால் எழுப்பியும் எழாத தூக்கம் வரும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சு குறையும். இதைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்றில். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் பக்கம் அரசு உரிமத்தோடு அபின் விளையும் நாடு இது. விளைந்ததை அரசே வாங்கிக்கொள்கிறது. எங்கள் ஊரில் ஐந்து மருந்துக் கடை ஏறி இறங்கினேன், ஒருவரிடமும் மாத்திரை இல்லை. "அந்தப் பதிவேடு, சோதனை எல்லாம் எங்களுக்கு வேண்டாங்க" என்றார்கள். அவர்கள் பயம் எனக்குத் தெரியும், நானும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன்தான். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் இதே நிலைமை. இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. அப்பாவின் கடைசி இரண்டு மாதமும் அந்த பஸ்ஸில் போய் வந்தவர் சித்தப்பா.